ஒரு சுரத்துக்குள் எத்தனை சுரம்

டபுள் பேஸ் தன் ஆகத் தாழ்ந்த தந்தியில் ஒரே சுரத்தை முரட்டுத்தனமாக இழுக்கிறது. மறுபடி இழுக்கிறது. அதற்கு மேல் ட்ராம்போன் ஒரு தாழ்ந்த சுரத்தை முழு வீச்சில் ஊதி நிற்கிறது. அது தணியத் தொடங்கும் இடத்தில் கிளாரினெட், செல்லோ, வயோலா, வயலின், புல்லாங்குழல் என்று ஒவ்வொன்றாக, கீழிருந்து மேலாகச் சேர்கின்றன. ஒளி மெல்ல ஏறுவது போன்ற ஒரு பெரிய ஒலி எழுந்து, சற்று நின்று, அடங்குகிறது. பிறகு டபுள் பேஸ் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இது ஜெரார் கிரிசே 1975-இல் எழுதிய 'பார்சியெல்' என்ற படைப்பின் தொடக்கம். முதன்முறை கேட்பவர் தாளம் எங்கே, மெட்டு எங்கே என்று தேடுவார். இரண்டும் கிடைக்காது. மேடையில் பதினெட்டு கலைஞர்கள் அமர்ந்து செய்வது ஒன்றே ஒன்றுதான்: ட்ராம்போன் ஊதும் ஒற்றைச் சுரத்தின் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து ஆளுக்கொன்றாக வாசிக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் பாரிஸில் உருவாகி, இன்று உலகெங்கும் இசையமைப்பாளர்கள் கையாளும் நிறமாலை இசைக்கு இதைவிடத் தெளிவான நுழைவாயில் இல்லை.

சுரத்துக்குள் சுரம் என்பது நம் காதுக்குப் புதிதல்ல. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் மீட்டப்படுவது பஞ்சமம், சட்ஜம், சட்ஜம், மந்திர சட்ஜம் மட்டும்தான். காந்தாரத்துக்கென்று தந்தியே கிடையாது. ஆனாலும் மந்திர சட்ஜம் அதிரும்போது மேலே அந்தர காந்தாரம் மிதக்கும். சுயம்பு காந்தாரம் என்று வித்வான்கள் சொல்வது அதைத்தான். ஒரு கட்டை சுருதி வைத்த ஆண்குரல் தம்புராவில் மந்திர சட்ஜம் விநாடிக்கு ஏறக்குறைய 65.4 முறை அதிர்கிறது. தந்தி முழு நீளத்தில் அதிரும்போதே இரண்டாக, மூன்றாக, நான்காக, ஐந்தாகப் பிரிந்தும் அதிர்கிறது. ஐந்து மடங்கு என்பது 327 ஹெர்ட்ஸ். சட்ஜத்திலிருந்து இரண்டு ஸ்தாயி தாண்டி வரும் காந்தாரம் அது. இந்த மடங்குகளைப் பள்ளி இயற்பியல் புத்தகம் சீரிசைகள் என்று சொல்லும். ஒவ்வொரு சீரிசையும் எவ்வளவு பலமாக, எப்போது ஒலிக்கிறது என்ற கணக்கே அந்த ஒலியின் நிறமாலை. வீணையையும் நாகசுவரத்தையும் கண்ணை மூடிக்கொண்டே வேறுபடுத்திச் சொல்ல முடிவது பெரும்பாலும் இதனால்தான்.

கிரிசே 1946-இல் பிரான்ஸின் பெல்ஃபோர் நகரில் பிறந்தவர். பாரிஸ் இசைக்கல்லூரியில் ஒலிவியே மெஸ்ஸியானிடம் படித்தார். அவர் மாணவராக இருந்த காலத்தில் ஐரோப்பியப் புதிய இசையில் ஓங்கியிருந்தது சீரியலிசம். பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் அடுக்கி, அந்த வரிசையைத் தலைகீழாகவும் பின்னோக்கியும் திருப்பி இசை அமைக்கும் முறை அது. தாளில் அதன் ஒழுங்கு அப்பழுக்கற்றது. ஆனால் கேட்பவரின் காதுக்கு அந்த ஒழுங்கு எட்டுவதில்லை என்பது அவருடைய தலைமுறையின் மனக்குறை. எண்களை வரிசைப்படுத்துவதைவிட ஒலியையே கவனித்து அதிலிருந்து ஒழுங்கைப் பெறலாமே என்று நினைத்தார்கள். திரிஸ்தான் மூராய் முதலான நண்பர்களோடு சேர்ந்து 1973-இல் 'லிதினெரேர்' என்ற இசைக்குழு உருவானது. அடுத்த ஆண்டு கிரிசே எமில் லைப் என்ற ஒலியியல் ஆய்வாளரின் வகுப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தார். இந்தப் போக்குக்கு 'நிறமாலை இசை' என்று 1979-இல் பெயர் வைத்தவர் தத்துவம் படித்த இசையமைப்பாளர் ஹ்யூக் த்யூஃபூர். கிரிசேவுக்கு அந்தப் பெயரில் கடைசிவரை ஒட்டுதல் இல்லை. நிறமாலை என்றதும் எல்லோரும் சுரக்கோவையைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள், காலத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது அவர் வருத்தம். அது நியாயமான வருத்தம்தான்.

ஆய்வுக்கூடத்தில் அவர்களுக்குக் கிடைத்த கருவியின் பெயர் சோனோகிராம். ஒலியை வரைபடமாக்கித் தரும் தாள் அது. இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழிருந்து மேலாக அதிர்வெண் ஏறும். எங்கே ஒலி பலமாக இருக்கிறதோ அங்கே கோடு கருமையாக விழும். ட்ராம்போனின் சோனோகிராமைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, எல்லாக் கோடுகளும் ஒரே கணத்தில் தொடங்கவில்லை என்பதுதான். கீழ்ச் சீரிசைகள் முதலில் வருகின்றன. மேலே உள்ளவை சற்றுத் தாமதித்து வருகின்றன. ஒலி ஓங்க ஓங்க மேல் சீரிசைகள் பெருகும். தணியும்போது அவையே முதலில் விடைபெறும். 1960-களின் நடுவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ட்ரம்பெட்டை ஆராய்ந்த ழான்-க்ளோத் ரிஸ்ஸே இதையேதான் கண்டார். கணினியில் அதுவரை உருவாக்கிய ட்ரம்பெட் ஒலிகள் போலியாகக் கேட்டதற்குக் காரணம், இந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் சீரிசைகளை அசையாமல் நிறுத்தியதுதான். பித்தளைக் குழல்களின் அடையாளம் எந்தச் சீரிசைகள் இருக்கின்றன என்பதில் மட்டும் இல்லை, அவை எந்த வரிசையில் உள்ளே வருகின்றன என்பதிலும் இருக்கிறது.

'பார்சியெல்' தொடக்கத்தில் கருவிகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகச் சேர்வதன் காரணம் இப்போது புரியும். ட்ராம்போனில் விநாடியின் சிறு துண்டுக்குள் நடந்து முடிவதைக் கிரிசே பல விநாடிகளுக்கு இழுத்து, ஒவ்வொரு சீரிசையையும் ஒரு கருவியிடம் ஒப்படைத்தார். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கருவிவழித் தொகுப்பு'. கணினி பல தூய ஒலிகளைக் கூட்டி ஒரு ஒலியை உண்டாக்குவதைப் போல, இங்கே மனிதர்கள் வாசித்துக் கூட்டுகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டபுள் பேஸ் வாசிக்கும் ஈ சுரம் 41.2 ஹெர்ட்ஸ். ட்ராம்போன் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 82.4-இல். 41.2-ஐ அடிப்படையாக வைத்துப் பெருக்கிக்கொண்டே போனால் சீரிசைகள் கிடைக்கும். அந்த ஈ-யைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் நமக்கு எளிது. இரண்டாவதும் நான்காவதும் சட்ஜம். மூன்றாவதும் ஆறாவதும் பஞ்சமம். ஐந்தாவது, 206 ஹெர்ட்ஸ், அந்தர காந்தாரம். ஒன்பதாவது சதுஸ்ருதி ரிஷபம். இதுவரை சிக்கல் இல்லை. ஏழாவது, 288.4 ஹெர்ட்ஸ், கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே விழுகிறது. பதினொன்றாவது, 453.2 ஹெர்ட்ஸ், சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் சரியாக நடுவில். பதின்மூன்றாவது, 535.6 ஹெர்ட்ஸ், சுத்த தைவதத்துக்கும் சதுஸ்ருதி தைவதத்துக்கும் இடையில். பியானோவில் இவை மூன்றுக்கும் கட்டை கிடையாது.

ஆய்விலிருந்து வரும் எண்ணை வாசிக்கக்கூடிய சுரமாக மாற்றும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. இசையமைப்பாளர் அரைச்சுர இடைவெளியையும் பாதியாக்கி, கால்சுரக் குறிகளைப் பயன்படுத்துகிறார். ஏழாவது சீரிசைக்கு வழக்கமான டி சுரத்தை எழுதினால் அது 293.7 ஹெர்ட்ஸ், உண்மையைவிட ஐந்து ஹெர்ட்ஸ் கூடுதல். கால்சுரம் இறக்கினால் 285.3, மூன்று ஹெர்ட்ஸ் குறைவு. இரண்டும் பிசகுதான், இரண்டாவது கொஞ்சம் அருகில் இருக்கிறது. மீதியைக் கலைஞரின் காதுதான் சரிசெய்ய வேண்டும். வயலின்காரர் விரலை நகர்த்திக்கொள்ளலாம். குழல் வாசிப்பவர் வழக்கத்தில் இல்லாத விரலமைப்பைத் தேட வேண்டும், அல்லது உதட்டால் சுரத்தை வளைக்க வேண்டும்.

சரியாகச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? விம்மல் காட்டிக்கொடுக்கும். ஐந்தாவது சீரிசையை வாசிக்கும் ஒருவர் பியானோ சுருதிப்படி 207.7 ஹெர்ட்ஸில் நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். டபுள் பேஸின் சொந்த ஒலிக்குள்ளேயே 206 ஹெர்ட்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் உரசி, விநாடிக்கு ஒன்றரைக்குச் சற்று மேலான வேகத்தில் ஒலி பெருத்துச் சிறுக்கும். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் இரண்டு சாரணைத் தந்திகளுக்கிடையே தேடி அகற்றுவதும் இதே விம்மலைத்தான். சேர்ந்துவிட்டால் அந்தச் சுரம் தனியாகக் கேட்காது, அடிச்சுரத்துக்குள் கரைந்துவிடும். ஒத்திகையில் நடத்துநர் காத்திருப்பது அந்தக் கரைதலுக்காகத்தான்.

இவ்வளவும் செய்தபின் அது ட்ராம்போன் போலக் கேட்கிறதா? இல்லை. கேட்கவும் முடியாது. காரணம் எளியது. கணினி கூட்டும் ஒவ்வொரு சீரிசையும் தூய ஒற்றை அதிர்வு. வயலினோ அப்படியல்ல, பதினொன்றாவது சீரிசையை வாசிக்கச் சொன்னால், அதன் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் கூடவே வந்துவிடும். வில்லின் உரசல், மூச்சின் இரைச்சல், ஆளுக்கு ஆள் மாறும் நடுக்கம் எல்லாம் மேலே சேரும். கிரிசேவுக்கு இது தெரியாமல் இல்லை. ஒரு ட்ராம்போன் வேண்டுமென்றால் ட்ராம்போன்காரர் ஒருவரைக் கூப்பிட்டால் போதும், பதினெட்டு பேர் எதற்கு? அவர் குறிவைத்தது, பல கருவிகள் சேர்ந்த சுரக்கோவையா, ஒரே கருவியின் நாதமா என்று காது தீர்மானிக்க முடியாமல் தடுமாறும் இடத்தை. அந்த இடத்தில் நிற்க வைப்பதுதான் இந்த இசையின் முழுச் சாமர்த்தியம் என்பேன்.

அங்கேயே நின்றுவிட்டிருந்தால் 'பார்சியெல்' ஓர் அழகான செயல்விளக்கமாக முடிந்திருக்கும். அது இசையாவது அடுத்த கட்டத்தில். தொடக்கத்து அலை திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கெடுகிறது. மேலே இருந்த சீரிசைகள் சிலவற்றைக் கிரிசே ஸ்தாயி ஸ்தாயியாகக் கீழே இறக்குகிறார். நம் வழக்கப்படி ஸ்தாயி மாறினாலும் சுரம் அதேதான், என்ன மோசம் என்று தோன்றும். வழிமுறை புரிவதற்காக மட்டும் ஒரு கணக்குப் போடுவோம். ஒன்பதாவது, பதினொன்றாவது, பதின்மூன்றாவது சீரிசைகளை ஒரு ஸ்தாயி இறக்கினால் 185.4, 226.6, 267.8 ஹெர்ட்ஸ் வரும். ஐந்தாவதும் ஆறாவதும் தம் இடத்தில், 206-இலும் 247.2-இலும் இருக்கின்றன. இப்போது எல்லாவற்றையும் வரிசையில் வையுங்கள்: 185.4, 206, 226.6, 247.2, 267.8. ஒவ்வொன்றுக்கும் இடைவெளி 20.6 ஹெர்ட்ஸ். அடிச்சுரத்தில் சரிபாதி.

அந்த 20.6 காதுக்குச் சுரமாகவே கேட்காத எல்லையில் இருக்கிறது. விநாடிக்கு இருபது முறை நிகழும் விம்மலைக் காது விம்மலாக எண்ணாது, கரகரப்பாகத்தான் உணரும். இறங்கி வந்த சுரங்கள் 41.2-இன் முழு மடங்குகளும் அல்ல. ஆகவே அடிச்சுரத்துக்குள் கரைய மறுக்கின்றன. ஒற்றை நாதமாக இருந்தது பிளந்து, தனித்தனிச் சுரங்களாக முட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. இதோடு தந்திக் கருவிகளின் வில் அழுத்தமும் கூடிக்கொண்டே போய், சுரம் இரைச்சலை நோக்கி நகர்கிறது. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் உள்ள வித்தியாசம் சிறியது. ஆனால் சில நிமிடங்களில் தெளிந்த நாதத்திலிருந்து கரடுமுரடான கூச்சலுக்கு வந்து சேர்ந்திருப்போம், எந்த இடத்தில் திரும்பினோம் என்று சொல்ல முடியாது. மரபான மேற்கத்திய இசையில் இணக்கமும் பிணக்கமும் மாறி மாறி வந்து கதையை நகர்த்தும். இங்கே அந்த வேலையை, சீரிசை ஒழுங்கிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறோம் என்பது செய்கிறது.

அடுத்து வரும் பகுதிகளில் கிரிசே இன்னொரு ஒலியியல் உண்மையையும் எடுத்தாள்கிறார். இரண்டு சுரங்கள் ஒன்றாக ஒலித்தால் அவற்றின் வித்தியாசத்துக்குச் சமமான மூன்றாவது சுரம் ஒன்று காதில் தோன்றக்கூடும். 535.6-இலிருந்து 453.2-ஐக் கழித்தால் 82.4, ட்ராம்போன் ஊதிய அதே சுரம். இப்படிப் பிறக்கும் நிழல் சுரங்களையும் அவர் கருவிகளுக்கு எழுதிக் கொடுத்தார்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. முதல் எல்லை அளவீட்டிலேயே இருக்கிறது. ஒலியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் ஆராய முடியும். துண்டு சிறியதாக இருந்தால் எப்போது என்பது துல்லியமாகத் தெரியும், எந்தச் சுரம் என்பது மங்கும். பெரியதாக இருந்தால் தலைகீழ். இன்று இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் Plot Spectrum என்ற வசதியில் இதை நேரிலேயே பார்க்கலாம். விநாடிக்கு 44,100 மாதிரிகள் உள்ள பதிவில் துண்டின் அளவை 1024 என்று வைத்தால், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 43 ஹெர்ட்ஸ். 41.2 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும் சீரிசைகள் இதில் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். 16384 என்று வைத்தால் இடைவெளி 2.7 ஹெர்ட்ஸாகச் சுருங்கி, சீரிசைகள் தனித்தனியே நிற்கும். ஆனால் அந்தத் துண்டின் நீளம் விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அதற்குள் ட்ராம்போனின் தொடக்கம் முழுதும் நடந்து முடிந்திருக்கும். எந்தச் சீரிசை முதலில் வந்தது என்பது தெரியவே தெரியாது. எந்த மென்பொருளாலும் இதைத் தாண்ட முடியாது, இது கணிதம் போட்ட வேலி. எதை இழக்கலாம் என்று இசையமைப்பாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது எல்லை இன்னும் சுவையானது. ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜொனதன் ஹார்வி 1980-இல் பாரிஸின் இர்காம் மையத்தில் வின்செஸ்டர் பேராலயத்தின் மிகப் பெரிய மணியை ஆராய்ந்து, அந்த மணியையும் தன் மகனின் குரலையும் மட்டும் வைத்து 'மோர்ச்சுவோஸ் ப்ளாங்கோ, விவோஸ் வோகோ' என்ற ஒலிநாடாப் படைப்பைச் செய்தார். மணியின் சீரிசைகள் முழு மடங்குகளாக வருவதில்லை. அதனால்தான் மணியோசைக்கு அந்த மங்கலான, இரண்டும்கெட்ட சுருதி. கணினி ஆய்வு அதிலிருந்து பல அதிர்வெண்களை எடுத்துக் கொடுத்தது. ஆனால் மணியடித்ததும் 347 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் எல்லோர் காதிலும் தெளிவாகக் கேட்டது; நிறமாலையில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. மேலே இருந்த பல அதிர்வுகளைச் சேர்த்துக் காதே உண்டாக்கிக்கொண்ட சுரம் அது. ஆய்வு காற்றில் இருப்பதை அளக்கும், மனத்தில் ஒலிப்பதை அளக்காது. ஹார்வி காதின் பக்கம் நின்றார்.

ஆய்வே இணக்கத்தைத் தந்துவிடும் என்று நம்பியவர்களின் இசை சீக்கிரமே அலுத்துப்போனது. அடியில் ஒரு தாழ்ந்த சுரம், மேலே பளபளக்கும் சீரிசைகள், மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் அலை: இந்தச் சூத்திரத்தில் கடந்த நாற்பது ஆண்டுகளில் எழுதிக் குவித்தது ஏராளம். ஒன்றைக் கேட்டால் மீதி எல்லாவற்றையும் கேட்ட மாதிரி. சோனோகிராம் யாருக்கும் ஒரே தாளைத்தான் தரும். கிரிசேவை அவர்களிடமிருந்து பிரிப்பது, அந்தத் தாளிலிருந்து எப்போது, எவ்வளவு வேகத்தில் விலக வேண்டும் என்ற தீர்ப்பு. அவருக்கு நகைச்சுவையும் இருந்தது. 'பார்சியெல்' முடிவில் கலைஞர்கள் தாள்களைப் புரட்டுகிறார்கள், கருவிகளைத் துடைக்கிறார்கள், கிளம்பும் ஆயத்தத்தில் சலசலக்கிறார்கள். அத்தனையும் எழுதப்பட்ட இசைதான். கடைசியில் தாளவாத்தியக்காரர் இரண்டு கைத்தாளங்களையும் அகல விரித்து ஓங்குகிறார். மோதுவதற்குள் விளக்கு அணைந்துவிடுகிறது.

கேட்க விரும்புகிறவர்கள் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஒதுக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் முதல் நான்கைந்து நிமிடம் மட்டும் கேளுங்கள். நாதம் எந்த அலையில் பிளக்கத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். அந்தச் சிறிய ஒலிபெருக்கியால் 41.2 ஹெர்ட்ஸைத் தர முடியாது. நல்ல ஹெட்ஃபோன் வேண்டும்.